தகட்டைத் திருப்பினால் நகராத பட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த பிறகு அது தப்பு என்று தெரிந்தாலும் உடனே இறங்காது. இரண்டு நாள் வீட்டிலும் வேலையிலும் உர்ரென்று திரிந்துவிட்டுத்தான் இறங்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் பாதி இயற்பியல், மீதி என் கோபம்.

திருமழிசையைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு தனியார் கல்லூரியில் நான் இயற்பியல் ஆசிரியர். வீடு திருவேற்காட்டில், ஒரு அடுக்ககத்தின் மூன்றாவது மாடி. காலையில் ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வந்து, மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருக்கிற தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு நடந்து, அங்கிருந்து பேருந்து பிடித்துப் போவேன். எங்கள் துறையின் ஆய்வகக் கையேட்டை எழுதியது நான்தான். அதன் அட்டையில் என் பெயர் இருக்கிறது. அந்த அட்டையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

கையேட்டில் இரட்டைப் பிளவு சோதனை என்று ஒன்று. ஒரு கண்ணாடித் தகட்டில் மயிரிழை போல இரண்டு கீறல்கள் அருகருகே இருக்கும். அதன் மேல் சிவப்பு லேசரை அடித்தால் எதிரே இருக்கும் பலகையில் ஒரு புள்ளிக்குப் பதிலாக வரிசையாகப் பல பட்டைகள் விழும். இரண்டு கீறல்கள் வழியாக வருகிற ஒளியும் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடத்தில் கூடுகிறது, சில இடத்தில் அழிகிறது, அதனால்தான் பட்டைகள். நடுவில் இருப்பது மையப் பட்டை. இரண்டு வழியிலும் ஒளி கடந்த தூரம் சரிசமமாக இருக்கும் இடம் அது.

இதுவரை எல்லாக் கல்லூரியிலும் இருப்பதுதான். நான் கூடுதலாக இரண்டாம் பாகம் ஒன்று சேர்த்திருந்தேன். ஒளி தகட்டின் மேல் நேராக விழாமல் சாய்வாக விழுந்தால் மையப் பட்டை நகரும். எவ்வளவு நகரும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: தகட்டிலிருந்து பலகை இருக்கும் தூரத்தை (எங்கள் ஆய்வகத்தில் இரண்டு மீட்டர்) சாய்கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க வேண்டும். ஆகவே தகட்டை இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து டிகிரி என்று திருப்பி ஒவ்வொரு தடவையும் மையப் பட்டை நகர்ந்த தூரத்தை அளந்து எழுதவும் என்று போட்டிருந்தேன். ஆறு வருடமாக மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வருடமாக நான் கையெழுத்துப் போட்டேன்.

போன வருடம் துறையில் ஒரு நிரந்தர இடம் வந்தது. அதற்கு இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒருவர் வெளியிலிருந்து வந்த இளைஞர். இன்னொருவர் எங்களிடமே நான்கு வருடமாகத் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை. ஆவடியிலிருந்து வருவார். பேச்சு குறைவு. அடுத்த வருடத்திலிருந்து தற்காலிக ஆசிரியர்களே கிடையாது என்று நிர்வாகம் அறிவித்துவிட்டதால், இந்த இடம் கிடைத்தால் இருப்பார், கிடைக்காவிட்டால் போக வேண்டியதுதான். அவருக்கும் அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் ஆய்வகத்திலேயே தேர்வு. இருவரும் இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முதல்வர், வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், நான் ஆகிய மூவரும் மதிப்பெண் போடுவோம். ஆளுக்கு இருபது மதிப்பெண். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பட்டியல் நிர்வாகத்துக்குப் போய்விடும்.

அவர் இரட்டைப் பிளவை எடுத்துக்கொண்டார். என் கையேட்டுச் சோதனையைச் செய்து காட்டி என்னைக் குளிர்விக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். லேசரை மேசையில் வைத்து, அதிலிருந்து அரை மீட்டரில் தகட்டை ஒரு சுழலும் தாங்கியில் நிறுத்தி, சோதனைப் பலகையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, தகட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்த சுவரிலேயே பட்டைகளை விழவைத்தார். அழகாகத்தான் நடத்தினார். கடைசியில் நான் கேட்டேன்.

“ஒளி சாய்வா விழுந்தா மையப் பட்டை எங்க போகும்? செஞ்சு காட்டுங்க மேடம்.”

“எதைச் சாய்க்கணும் சார்? லேசரையா, தகட்டையா?”

“எதைச் சாய்ச்சா என்ன? ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோணம் ஒண்ணுதானே?”

“இல்ல சார். தகட்டை மட்டும் திருப்பினா சுவத்துல மையப் பட்டை நகராது. லேசரைத் தள்ளி வெச்சு சாய்வா அடிச்சாதான் நகரும்.”

என் கையேட்டுக்கு எதிராக, என் ஆய்வகத்தில், வெளியாள் முன்னால். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. அவர் தகட்டைத் திருப்பினார். நான் மதிப்பெண் தாளில் ‘அடிப்படைத் தெளிவு’ என்ற கட்டத்துக்கு எதிரே ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பட்டைகள் சுவரில் இருந்தன.

“நகரலைன்னு எப்படிச் சொல்றீங்க? எல்லாப் பட்டையும் ஒரே சிவப்பு. சரியா மூணு பட்டை அளவுக்கு நகர்ந்திருந்தா, பழைய இடத்துல இன்னொரு பட்டை வந்து நின்னிருக்கும். உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?”

வெளியிலிருந்து வந்த பேராசிரியர் தலையை ஆட்டினார். இந்தக் கேள்வியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

“மெதுவாதான் திருப்பினேன் சார். ஒண்ணுகூட ஓடல.”

“ஆறு வருஷ ரிகார்டு இங்க அலமாரியில இருக்கு மேடம். எல்லாருக்கும் நகர்ந்திருக்கு. உங்களுக்கு மட்டும் நகரலையா?”

அவர் லேசரை அணைத்தார். அடுத்து வந்த இளைஞர் என் கையேட்டை நகலெடுத்துப் படித்துவிட்டு வந்திருந்தார். அதே கேள்விக்குக் கரும்பலகையில் படம் போட்டு, சூத்திரத்தை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். அவருக்குப் பதினெட்டு போட்டேன். ஆவடி ஆசிரியைக்கு ஆறு. முதல்வரும் வெளிப் பேராசிரியரும் அவர்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டிருந்ததால், முடிவு செய்தது நான்தான்.

வீட்டுக்கு வந்தும் கோபம் தீரவில்லை. நான்கு வருடம் கூடவே இருந்துவிட்டு இப்படிப் பேசுகிறாரே என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், அப்போதுதான் களைத்து வந்திருந்தாள். “நாளைக்குப் போய்ச் செஞ்சு பாத்துட்டா முடிஞ்சுது, அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க?” என்றாள். செய்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று அதற்கும் கத்தினேன்.

ஆனால் சனிக்கிழமை போனேன். அவர் சொன்னது பொய் என்று நிரூபித்து, திங்கட்கிழமை தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அன்று வகுப்பு இல்லை. ஆய்வக உதவியாளர் மட்டும் இருந்தார். திருவேற்காட்டுப் பக்கத்துப் பழைய குடும்பம், இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது, எங்கள் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இந்த ஆய்வகத்தில்தான் வேலை. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு லேசரைப் போட்டேன். சுவரில் ஒன்பது சிவப்புப் பட்டைகள் தெளிவாக விழுந்தன. நடுவில் இருந்ததன் மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பிறகு தகட்டைத் திருப்பினேன்.

ஐந்து டிகிரி. பட்டை குறியின் மேலேயே இருந்தது. பத்து டிகிரி. அப்போதும் அங்கேயேதான். என் சூத்திரப்படி அது முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்க வேண்டும், பக்கத்து அலமாரிக் கதவில் விழுந்திருக்க வேண்டும். தாங்கி இறுகிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன், கோண வட்டத்தில் முள் பத்தில் நின்றது. தகட்டைக் கழற்றி வேறு தகடு போட்டேன். லேசரை மாற்றினேன். மறுபடி பூஜ்யத்திலிருந்து மெதுவாக, கண் இமைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே, இருபது டிகிரி வரைக்கும் திருப்பினேன். ஒரு பட்டைகூடக் குறியைத் தாண்டி ஓடவில்லை. ‘மூணு பட்டை நகர்ந்திருந்தா’ என்ற என் சாமர்த்தியமான கேள்வி அங்கேயே செத்துப்போயிற்று. அப்படி நகர்ந்திருந்தால் திருப்புகிறபோதே ஒவ்வொன்றாகக் குறியைக் கடந்து போவது தெரிந்திருக்கும். அது போக, ஒன்பதில் நடுவில் இருப்பதுதான் அதிகப் பிரகாசம், அதைப் பார்த்தாலே மையம் எது என்று தெரிந்துவிடும்.

ஒரே ஒரு மாற்றம்தான் இருந்தது. முதல் பட்டைக்கும் ஒன்பதாவது பட்டைக்கும் நடுவே நேராக இருந்தபோது நாற்பத்திரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபது டிகிரியில் நாற்பத்து நான்கைத் தாண்டியிருந்தது. திருப்பிய தகட்டை லேசர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கீறல்கள் கொஞ்சம் நெருங்கி வந்துவிட்ட மாதிரி ஆகிறது, கீறல்கள் நெருங்கினால் பட்டைகள் விலகும். அது புரிந்தது. மையம் ஏன் அசையவில்லை என்பதில்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்புறம் அவர் சொன்ன இன்னொன்றையும் செய்தேன், வேண்டா வெறுப்பாகத்தான். தகட்டை நேராக்கிவிட்டு, லேசரை ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளி, மறுபடி தகட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். பட்டைகள் மொத்தமாக வலப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் போய்விட்டன. லேசர் அரை மீட்டரில், சுவர் அதைப் போல நான்கு மடங்கு தூரத்தில், ஆகவே நான்கு மடங்கு நகர்வு. கணக்கு அப்படியே ஒத்துப்போனது. ஒரு டிகிரியைச் சற்றே தாண்டிய சாய்வுக்கு இவ்வளவு ஓட்டம், பட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மட்டும் மாறவில்லை. அப்படியானால் கோணம் ஒன்றுதானே? லேசரைச் சாய்த்தால் ஓடுகிறது, தகட்டைச் சாய்த்தால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோணத்தை மட்டும்தானே ஒளி பார்க்கும்? யார் திரும்பினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் உள்ளே வந்தார்.

“இன்னா சார், ஸ்கிரீனை இஸ்த்துட்டு இருட்டுல குந்திக்கினு கீறீங்க?”

“இந்த ரெண்டாவது பாகம் பசங்க எப்படிச் செய்யறாங்க? நீங்க பார்த்திருக்கீங்களா?”

சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

“எங்க சார் செய்யறாங்கோ? மொத பார்ட்டு மட்டும்தான் இங்க. ரெண்டாவது வராண்டாவுல குந்திக்கினு கால்குலேட்டர்ல போட்டுக்குவாங்கோ. பாயின்ட்டுக்கு அப்பால இருக்கற நம்பரை மட்டும் ஆளுக்கு ஆளு மாத்திக்குவாங்கோ.”

“ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கோச்சுக்குவீங்க சார்.” பிறகு மூலையில் கிடந்த சோதனைப் பலகையைக் காட்டினார். “அத்த பாருங்க. அது மொத்தமே ஒரு அடி கீது. ரிகார்டுல முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் நவுந்துச்சுன்னு எய்தி கீறாங்கோ. பலகைக்கு வெளியேல்ல போயிருக்கும்? நீங்கோ பாத்துதானே சைன் போட்டீங்கோ?”

அலமாரியைத் திறந்து ரிகார்டு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு டிகிரிக்கு 21.1, 20.9. எட்டுக்கு 28.2, 28.0. பத்துக்கு 35.2, 35.4. பலகையின் நடுவிலிருந்து ஓரம் வரைக்குமே பதினைந்து சென்டிமீட்டர்தான். இல்லாத இடத்தில் விழுந்த பட்டையை அத்தனை பேரும் தசமப் புள்ளியோடு அளந்திருந்தார்கள். அத்தனைக்கும் கீழே பச்சை மையில் என் கையெழுத்து. மாணவர்கள் மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை, வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குழப்பம்தான். சாப்பாட்டு மேசையில் தாள் தாளாகப் படம் போட்டேன். ஒளி சாய்வாக வந்தால் ஒரு கீறலை முதலில் தொடும், இன்னொன்றை அப்புறம் தொடும். முந்திக்கொண்ட ஒளி அந்தப் பக்கம் கொஞ்சம் அதிக தூரம் நடந்தால்தான் இரண்டும் சமமாகும், அங்கேதான் மையப் பட்டை. இது சரி. கோடு போட்டுப் பார்த்தால் அந்த இடம் எப்போதும் வந்த ஒளியின் நேர்கோட்டிலேயே இருந்தது. தகடே இல்லாவிட்டால் லேசர் எங்கே போய் விழுமோ அங்கேதான் மையம். இதுவும் சரி. அப்படியானால் என் சூத்திரம் தப்பா? புத்தகங்களில் எல்லாம் இருக்கிற சூத்திரம், அது எப்படித் தப்பாகும்? சூத்திரமும் சரி, சுவரும் சரி, நான் எங்கே தப்பு செய்தேன் என்றுதான் தெரியவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

சாயங்காலம் ஒரு பிஸ்கட் அட்டையை வெட்டி, அதன் நடுவில் பென்சிலைச் செங்குத்தாகக் குத்தி, மனைவியை டார்ச் பிடிக்கச் சொன்னேன். அட்டைதான் தகடு, பென்சில் அந்தத் தகட்டுக்கு நேர் எதிரே எது என்று காட்டுவதற்கு. சூத்திரம் நகர்வை அங்கிருந்துதான் அளக்கச் சொல்கிறது. அட்டையைத் திருப்பினேன். பென்சில் முனை சுவரில் ஜன்னல் பக்கமாகப் போயிற்று. டார்ச் வெளிச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“இப்ப வெளிச்சம் பென்சில்லேர்ந்து நகர்ந்திருக்குல்ல?” என்றேன்.

“வெளிச்சம் எங்கங்க நகர்ந்துது? பென்சில்தானே நகர்ந்துது. நான் டார்ச்சை அசைக்கவே இல்லையே!”

அவ்வளவுதான். தகட்டைப் பத்து டிகிரி திருப்பினால் தகட்டுக்கு நேர் எதிரே இருக்கும் இடம் சுவரில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. மையப் பட்டை போகவில்லை. அந்தப் புது இடத்திலிருந்து அளந்தால் மையப் பட்டை சரியாக முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, சூத்திரம் சொன்னபடியே. லேசரைச் சாய்த்தால் தகடு அசையாது, ஒளியின் கோடு அசையும், அதனால் சுவரில் பட்டை ஓடுகிறது. சூத்திரத்தில் ஒரு தப்பும் இல்லை. பட்டை முதலில் இருந்த இடத்திலிருந்து அளக்கச் சொன்னதுதான் தப்பு. ‘தகட்டைத் திருப்பி’ என்று எழுதிய இடத்தில் ‘லேசரைத் திருப்பி’ என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

மனைவியின் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம், சந்தோஷம் வரவில்லை. ஆறு மதிப்பெண் ஞாபகம் வந்தது. அவர் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தார்.

அன்றே முதல்வருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். சாய்வாக விழும் ஒளியில் மையப் பட்டையின் நகர்வை எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதில் எனக்கு ஒரு கோட்பாட்டுக் குழப்பம் நேர்ந்துவிட்டது, அதனால் கையேட்டிலும் பிழை புகுந்தது, வெள்ளிக்கிழமை நான் போட்ட மதிப்பெண்ணும் அந்தக் குழப்பத்தின் விளைவு, தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும். கீழே படம்கூடப் போட்டிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. தப்பை இவ்வளவு நேர்மையாக எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். ஆவடி வண்டியிலிருந்து இறங்கி அங்கேதான் மாறுவார். என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

“இன்னிக்குப் பட்டியல் போகுது மேடம். அதுக்கு முன்னாடி இதை முதல்வர்கிட்ட கொடுக்கப் போறேன். நீங்க ஒரு தடவை படிச்சிடுங்க.”

டீக்கடை ஓரமாக நின்று படித்தார். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். படத்தை விரலால் தொடர்ந்து பார்த்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வேறென்ன எதிர்பார்ப்பேன்?

“இயற்பியல் எல்லாம் சரியா இருக்கு சார்,” என்றார். “ஆனா நடந்தது இது இல்லையே.”

“என்ன இல்ல?”

“குழப்பம்னு எழுதியிருக்கீங்க. குழப்பம் வரணும்னா முதல்ல பார்க்கணும் சார். அன்னிக்கு நான் தகட்டை மூணு தடவை திருப்பினேன். நீங்க நிமிர்ந்து பார்ப்பீங்கன்னு ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி திருப்பினேன். மூணு தடவையும் நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க. எனக்கு மார்க் போட்டுக்கிட்டு இருந்தீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அப்போதும் வந்தது. வேலையைத் திருப்பித் தர ஒரு மனிதன் காலங்காத்தாலே வந்து நிற்கிறான், அவனிடம் இப்படியா பேசுவது என்று.

“ரெண்டு வருஷமா அந்த ரெண்டாவது பாகத்துக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல சார்,” என்று தொடர்ந்தார். “என் பேட்ச் பசங்களும் உங்ககிட்டதான் வந்து வாங்கிட்டுப் போவாங்க. ஏன்னு ஒரு நாளாவது கேட்பீங்கன்னு நினைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “அதைக் கையேட்டுல எழுதினப்போ செஞ்சு பார்த்தீங்களா சார்?”

நினைவு படுத்திப் பார்த்தேன். எழுதிய நாள் நினைவிருக்கிறது, வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில், சூத்திரத்தை எழுதி அடியில் ‘தகட்டைத் திருப்பி’ என்று போட்டது. ஆய்வகத்துக்குப் போய்த் திருப்பியது நினைவில் இல்லை. ஏனென்றால் திருப்பவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. மாணவர்களைக் கால்குலேட்டர்காரர்கள் என்று நினைத்து வெட்கப்பட்டேனே, முதல் கால்குலேட்டர்காரன் நான்தான்.

“இல்ல மேடம்,” என்றேன்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் படத்துக்குக் கீழே பாதி இடம் காலியாக இருந்தது. டீக்கடைப் பலகையில் வைத்து, பேனாவை எடுத்து, கையாலேயே எழுதினேன்: ‘நான் இந்தச் சோதனையை ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை அவர் செய்து காட்டியபோதும் பார்க்கவில்லை.’ பிறகு அவரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். திருமழிசைப் பேருந்தில் ஏறி, அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் நின்றுகொண்டு போனேன்.

முதல்வர் தட்டச்சு செய்த பகுதியை வேகமாகத் தாண்டினார். கையால் எழுதிய இரண்டு வரியில் வந்து நின்றார்.

“ஒரு தடவைகூடவா?”

“ஒரு தடவைகூட இல்ல சார்.”

“இதை ஃபைல்ல வெச்சா ரிகார்டுல இருக்கற உங்க கையெழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்னு கேட்பாங்க. தெரியுமா?”

“தெரியும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டியலை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். மறு தேர்வு புதன்கிழமை என்றும், என் இடத்தில் வேறு துறையிலிருந்து ஒருவர் உட்காருவார் என்றும் சொன்னார். ரிகார்டுகளுக்கு இனி நான் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை தேர்வு நடந்தது. அந்த வேலை அவருக்கே கிடைத்தது, இப்போதும் எங்கள் துறையில்தான் இருக்கிறார். அன்று எனக்கு உள்ளே வேலை இல்லை. ஆனாலும் அவருடைய நேரம் வந்தபோது போய் ஆய்வகத்துக்கு வெளியே நின்றேன். எதைச் சாய்க்க வேண்டும் என்று அவர் உள்ளே கேட்பது காதில் விழுந்தது. முதலில் தகட்டைத் திருப்பச் சொன்னார்கள். பட்டைகள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அன்றும் அவர் திருப்பியதை நான் பார்க்கவில்லை.